முகத்தை மறைச்சா போதுமா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயத்து ஆட்களுக்கு எல்லாரையும் தெரியும். ஒரு கிளினிக் "குணமான நோயாளி" என்று முகத்தை மங்கலாக்கி பேஸ்புக்கில் படம் போட்டால், சேலையையும் இடுப்புப் பிள்ளையையும் வைத்தே நாங்க ஆளைச் சொல்லிடுவோம். அவங்க சம்மதிச்சாங்களே என்பார்கள். மருந்துக்குக் காத்திருக்கிறவங்க டொக்டரிடம் எப்படி மாட்டேன் என்பாங்க? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் சேர்த்தது சும்மா இல்லை.

நம்பிக்கை வேணுமா? டெங்கு காலத்தில் தமிழில் எழுதுங்க: காய்ச்சலுக்கு பனடோல் மட்டும், இபுபுரூஃபன், அஸ்பிரின் வேண்டாம், மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை. டொக்டர் எத்தனை மணிவரை இருப்பார் என்றும் போடுங்க. பின்னூட்டத்தில் யாராவது தன் நோயை எழுதினால், அங்கேயே மருந்து சொல்லாமல், அதை மறைச்சிட்டு நேரில் கூப்பிடுங்க.