திருத்திக் கொடுத்தது நான்தான்

பிழை திருத்துவது ஒரு வேலை, ஒப்பிடுவது வேறு வேலை. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

என் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவர் மே மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னதும், அட்வான்ஸைத் திருப்பித் தருவது பற்றி ஒரு மின்னஞ்சல் எழுதி, "கொஞ்சம் திருத்திக் கொடுங்க சார்" என்று எனக்கு அனுப்பினார். அவர் எழுதியது இது:

"சாவி கொடுத்த நாள்ல இருந்து 15 நாளில் அட்வான்ஸ் 60,000ல பெயிண்ட் செலவு 8,500 வரை கழிச்சு மீதி தருவேன். கரண்ட் பாக்கி இருந்தா அதுவும் கழியும். முடிஞ்சா முன்னாடியே தரப் பாக்குறேன்."

நான் அழகாக்கியது இது:

"தாங்கள் வீட்டைக் காலி செய்த இரண்டு வாரத்துக்குள், முன்பணம் ரூ.60,000-இல் வண்ணப்பூச்சுச் செலவு ரூ.8,500 கழித்து, மீதி ரூ.51,500 அளிக்கப்படும். இயன்றால் முன்னதாகவே அளிக்கப்படும்."

ஒற்றுப்பிழை கிடையாது. நண்பரும் படித்துவிட்டு "பிரமாதம்" என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

குடியிருந்தவர் மே 31-இல் சாமானை ஏற்றிக்கொண்டு போனார். சாவியைக் கொண்டுவந்து கொடுத்தது ஜூன் 5. நண்பர் கணக்கில் கெடு ஜூன் 20. ஆனால் ஜூன் 14 அன்றே போன் வந்துவிட்டது: "இரண்டு வாரம் ஆச்சே சார், ஐம்பத்தோராயிரத்து ஐந்நூறு எங்கே?" வங்கியில் போட்டிருந்த பணம் 18-ஆம் தேதிதான் முதிர்வதாக இருந்தது. மகளிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். பிறகு கரண்ட் பில் வந்தது, ரூ.1,870. கழிக்கலாம் என்ற வரிதான் என் கையால் காணாமல் போயிருந்ததே! பெயிண்டர் 7,000-தான் வாங்கினார். "8,500 வரை" என்பதில் அந்த "வரை"யை நான் தின்றுவிட்டதால், குடியிருந்தவருக்கு 1,500 நஷ்டம். அது அவருக்குத் தெரியவே தெரியாது. நண்பர் நேர்மையானவர், தாமாகவே அதை அனுப்பிவிட்டு, கரண்ட் பில்லைத் தாமே கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

15 நாள் எப்படி இரண்டு வாரம் ஆயிற்று என்று பிறகுதான் விளங்கியது. நான் படித்த பிரெஞ்சில் இரண்டு வாரத்தைக் "கேன்ஸ் ழூர்", அதாவது பதினைந்து நாள் என்றே சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு எட்டு நாள். பள்ளிக்கூடத்தில் ஏறியது கையை விட்டுப் போகவில்லை. கூட்டிக் கழித்தால் பதினான்குதானே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஃபேர் காப்பி டைப் ஆகி வந்ததும் இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் பழைய டிராஃப்டை உரக்க வாசிப்பார், மற்றவர் ஃபேர் காப்பியில் விரல் வைத்துக்கொண்டு வருவார். வாசிப்பது எப்போதும் பழையதைத்தான். புதியதை மட்டும் எத்தனை முறை படித்தாலும், விடுபட்ட கரண்ட் பாக்கி கண்ணில் படாது. இல்லாத வரியை எப்படிப் பார்ப்பது? எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லுவோம். அது முடிந்ததும் ஒருமுறை தலைகீழாக, புதியதில் உள்ள எண் ஒவ்வொன்றும் பழையதில் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். அப்படித் தேடியிருந்தால் 51,500 அகப்பட்டிருக்கும். நண்பர் எழுதாத தொகை அது. நான் உதவியாகக் கழித்துப் போட்டது, அவர் கொடுத்த வாக்காகிவிட்டது. வினைச்சொல்லும் அப்படித்தான்: "தரப் பாக்குறேன்" என்றால் முயற்சி, "அளிக்கப்படும்" என்றால் உறுதி.

ஒப்பிட வேண்டியது திருத்தியவர் அல்ல, எழுதியவர்தான் என்பது என் கட்சி. திருத்தியவன் கண்ணுக்குத் தான் நினைத்ததே தெரியும். அதற்குப் பழையது கையில் இருக்க வேண்டும். எழுதியதன் மேலேயே திருத்தினால் பழையது அழிந்து போகும், ஆகவே முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒன்று: பழையதிலேயே தொகை தப்பாக இருந்தால் இந்த ஒப்பீடு அதைக் காட்டாது. அதற்கு வாடகை ஒப்பந்தத்தைத்தான் புரட்ட வேண்டும்.

இப்போது யாராவது திருத்தக் கொடுத்தால் தேதி, தொகை, "வரை", "இருந்தால்" எதையும் தொடுவதில்லை. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி. திருப்பி அனுப்பியபின் போன் போட்டு, "உங்க பழைய தாளை எடுத்து வாசிங்க, நான் புதுசைப் பாக்குறேன்" என்கிறேன். போன வாரம் இதே நண்பர் வாசித்தார். நான்காவது வரியில் நானே "நிறுத்துங்க சார்" என்றேன். "10-ஆம் தேதிக்குள்" என்று அவர் எழுதியதை, தொடுவதில்லை என்று சொன்ன நான் "10-ஆம் தேதி" ஆக்கி வைத்திருந்தேன்.