டை போட்ட மூணாம் நாள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைக்கு டை போட்டுக்கிட்டு சந்தோஷமா போன மாமி, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு போன் பண்ணினாங்க. "கண்ணைத் தொறக்க முடியலடிம்மா. காதுலேர்ந்து நீர் வடியறது. இன்னிக்கு அண்ணா பேரனுக்கு ஆயுஷ்ஹோமம், இந்த மூஞ்சியோட எப்படிப் போவேன்?"

மயூர் விஹார்ல பார்லர் வச்சு பதினாலு வருஷம் ஆச்சு. மாமி நாலு வருஷமா வர்றவங்க. அதனால காதுக்குப் பின்னாடி டெஸ்ட் போடற வேலையை எப்பவோ விட்டுட்டோம். அது முதல் தப்பு. ரெண்டாவது தப்பு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சனிக்கிழமை சாயங்காலமே மாமி கடைக்கு போன் பண்ணி அரிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. எடுத்த பொண்ணு, "சூடு ஆண்ட்டி, தேங்காய் எண்ணெய் வைங்க"ன்னு சொல்லிட்டு வச்சிடுச்சு. எங்கிட்டயும் சொல்லலை, எங்கயும் எழுதலை.

அந்தப் பொண்ணைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அலர்ஜின்னா போட்ட உடனே பொங்கணும்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சிட்டிருந்தோம். டைல இருக்கற பி.பி.டி. (பாரா-ஃபெனிலீன்டையமின்) பெரும்பாலும் அப்படி இல்லை. அது தாமதமா வர்ற அலர்ஜி. உடம்புக்கு அது ஏற்கெனவே ஆகாதுன்னா, ஒரு நாள்லேர்ந்து மூணு நாளுக்குள்ள தெரியும். தலையை விட நெத்தி ஓரம், காது, கழுத்து, கண் இமை இங்கதான் அதிகமா வீங்கும். அதாவது வாடிக்கையாளர் காசு குடுத்து, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய் தூங்கி எழுந்தப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்குது. கடையில ஒண்ணும் ஆகலைங்கறதால ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமில்லை. அதனாலதான் சொல்றேன், பார்லரோட முக்கியமான பாதுகாப்பு வேலை ரெண்டாம் நாள் பண்ற அந்த ஒரு போன்தான்.

உடனே வர்ற வகையும் உண்டு, அபூர்வமா. சில நிமிஷத்துல உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், தலை சுத்தல். அப்ப மாத்திரை குடுத்துட்டு உட்கார்ந்து பார்க்கறதெல்லாம் கூடாது. 112-க்கு அடிக்கணும். ஆளைப் படுக்க வைக்கணும், மூச்சு திணறினா சாய்ஞ்சு உட்கார விடலாம். நடக்க விடக் கூடாது. டை இன்னும் தலையில இருந்தா, இன்னொருத்தர் ஏராளமான வெதுவெதுப்பான தண்ணில அலசிடணும்.

மாமி விஷயத்துக்கு வர்றேன். மூச்சு சரியா இருக்கான்னு முதல்ல கேட்டேன். சரியா இருந்துது. வேற எதையும் தடவாதீங்கன்னு சொல்லி, தோல் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். டாக்டர் முதல்ல கேட்டது, "எந்த டை? பெட்டி எங்கே?" பெட்டி வெள்ளிக்கிழமை குப்பையோட போயாச்சு. கறுப்பு ஷேடுன்னு தெரியும், பேட்ச் நம்பர் தெரியாது. எத்தனை நிமிஷம் வச்சோம்னு கேட்டார். "முப்பத்தஞ்சு இருக்கும்"னேன். இருக்கும்!

அப்புறம் அவர் மாமியைப் பார்த்து, முன்னாடி எப்பவாவது கறுப்பு மெஹந்தி போட்டதுண்டான்னு கேட்டார். மாமி யோசிச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி பொண்ணு கல்யாணத்துக்கு மார்க்கெட்ல உட்கார்ந்து போட்டுக்கிட்டதாவும், கையில டிசைன் மாதிரியே சிவந்து தடிச்சதாவும் சொன்னாங்க. மருதாணி இலை கறுப்பா பிடிக்காது. கறுக்கறதுக்கு பெரும்பாலும் இதே பி.பி.டி.யைத்தான் கலப்பாங்க. மாமி உடம்பு அங்கதான் அதை அடையாளம் வச்சுக்கிட்டிருக்கும்னு டாக்டர் சொன்னார். நாலு வருஷத்துல நாங்க ஒரு தடவையும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. (கர்வா சௌத் சமயத்துல கோன் வாங்கற நம்ம பொண்ணுங்களும் இதைக் கவனிங்க.)

இப்ப கடையில ஒரு நோட்டு இருக்கு. டை போடறதுக்கு முன்னாடியே பேட்ச் நம்பர், ஷேடு, டெவலப்பர் எத்தனை வால்யூம், கலந்த நேரம், அலசின நேரம், போட்டவங்க பேரு எழுதிடணும். கூடவே அன்னிக்குப் பண்ணின ப்ளீச், த்ரெட்டிங், சீரம் எல்லாம். பெட்டியையும் மிச்ச டியூபையும் ஒரு வாரம் கவர்ல போட்டு வைக்கிறோம். பிரச்சனைன்னு போன் வந்தா, எடுத்தவங்க அந்த நிமிஷமே எழுதணும், அதுவும் அவங்க சொன்ன வார்த்தையிலேயே. "காது அரிக்குது, சனி சாயங்காலம் 5 மணிலேர்ந்து"ன்னு எழுதலாம். "அலர்ஜி"ன்னு எழுதக் கூடாது, "சூடு"ன்னும் கூடாது. ரெண்டுமே நம்ம ஊகம். அவங்க அனுமதியோட தேதி தெரியற மாதிரி போட்டோ. தப்பா எழுதினா ஒரு கோடு மட்டும் அடிச்சு கையெழுத்து, ஒயிட்னர் கிடையாது.

"இப்படி எழுதி வச்சா நம்ம மேலயே கேஸ் போடுவாங்களே"ன்னு பக்கத்து பார்லர்க்காரங்க கேட்டாங்க. எனக்கு அந்த வாதம் ஒத்துக்கலை. தில்லி ஐ.டி.சி. மௌரியா ஓட்டல் சலூன்ல 2018-ல ஒரு பெண்ணுக்கு முடியை ரொம்பக் குட்டையா வெட்டின வழக்கைப் படிச்சிருப்பீங்க. தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல 2 கோடி குடுக்கச் சொல்லுச்சு. 2023 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் சேவைக் குறைபாடுங்கற முடிவை மாத்தலை. ஆனா தொகைக்கு ஆதாரம் வேணும்னு சொல்லி ஆணையத்துக்கே திருப்பி அனுப்புச்சு. அது முடிவெட்டு வழக்கு, அலர்ஜி இல்லை. ஆனாலும் ரெண்டு பக்கத்துக்கும் காகிதம் எவ்வளவு முக்கியம்னு அதுல தெரியுது. நுகர்வோர் சட்டத்துல புகார் குடுக்க ரெண்டு வருஷம் அவகாசம். அதனால நோட்டை மூணு வருஷம் வைக்கிறேன். பேட்ச் நம்பர் இருந்தா கம்பெனிக்கும், தில்லி அரசோட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதலாம். இல்லைன்னா எதைன்னு எழுதறது?

டெஸ்ட் பத்தியும் ஒண்ணு. பி.பி.டி. மாதிரி சாயம் இருந்தா ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே டெஸ்ட் பண்ணணும், 24 மணி நேரம் கழிச்சுப் பார்க்கணும்னு பெட்டிக்குள்ள தாள்லயே இருக்கும். ஒவ்வொரு தடவையும்! ஆனா 48 மணி நேரத்துல எழும்பற அலர்ஜிக்கு 24 மணி நேரம் பத்தாதுங்கறது என் அபிப்பிராயம். நாங்க ரெண்டு நாள் வைக்கிறோம். இதனாலேயே கொஞ்சம் பேர் வேற கடைக்குப் போயிட்டாங்க. போகட்டும்.

போன் மூணு தடவை. போட்ட அன்னிக்கு ராத்திரி, ரெண்டாம் நாள், ஒரு வாரம் கழிச்சு. மாமிக்கு தினமும் பண்ணினேன். வீக்கம் இறங்க அஞ்சு நாள், தோல் உரிஞ்சு ஆற ரெண்டு வாரம். டாக்டர் செலவைக் கடைதான் குடுத்துது, அதையும் நோட்டுல எழுதினேன். ஆயுஷ்ஹோமத்துக்கு அவங்க போகலை. அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

பேட்ச் டெஸ்ட் உடனே பண்ண முடியாது. தடிப்பு முழுக்க ஆறணும், ஸ்டீராய்டு மாத்திரை நிறுத்தியிருக்கணும். ஆறு வாரம் கழிச்சுத்தான் முதுகுல ஒட்டினாங்க. ரெண்டாம் நாள் எடுத்துப் பார்த்தாங்க, நாலாம் நாள் மறுபடி பார்த்தாங்க. பி.பி.டி. கட்டத்துல மட்டும் சிவந்து கொப்புளம். ரிசல்ட்டோட நகல் ஒண்ணை மாமியே கொண்டு வந்து குடுத்தாங்க. அவங்க கார்டுல சிவப்பு இங்க்ல எழுதி, நகலைப் பின் பண்ணியாச்சு. மூலிகைன்னு போட்ட கறுப்பு ஹேர் மெஹந்தி பாக்கெட்லயும் அந்தப் பேரு இருக்கும், பின்னாடி திருப்பிப் படிச்சிட்டு வாங்குங்கன்னு மாமிக்கு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன்.

இப்ப மாமி நரையோடதான் வர்றாங்க, முடி வெட்டிக்க மட்டும்.