அரை நாள் லீவு... உங்கள் கணக்கில் எத்தனை மணி நேரம் குறைகிறது?

மாதக் கடைசியில் சம்பளம் வந்ததா என்று பார்ப்பவர்கள் அதிகம். ஆபீஸ் ஆப்பைத் திறந்து லீவு பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. தினமும் ஒரே நேரத்துக்குப் போய் ஒரே நேரத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு உண்டு. அதிலும் முழு நாள் லீவைவிட அரை நாள் லீவில்தான் கணக்கு தப்பும்.

ஓர் உதாரணத்தோடு பார்த்தால் எளிதாகப் புரியும்.

6, 6, 12

பல தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ்களுக்கு மூன்று டூட்டி. காலை 8 முதல் மதியம் 2 வரை 6 மணி நேரம். மதியம் 2 முதல் இரவு 8 வரை 6 மணி நேரம். இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை 12 மணி நேரம். வாரத்தில் நான்கு பகல் டூட்டி, இரண்டு நைட் டூட்டி, ஒரு நாள் வார விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். பகலில் 24, இரவில் 24, மொத்தம் 48 மணி நேரம். ஆறு நாளால் வகுத்தால் சராசரியாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஆனால் அந்த நர்ஸ் எந்த நாளிலும் 8 மணி நேரம் வேலை பார்ப்பதில்லை. ஒன்று ஆறு, இல்லையென்றால் பன்னிரண்டு.

இப்படிப்பட்ட ஒரு நர்ஸுக்கு வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு. அதை நாளாகவே வைத்தால் ஒரு சிக்கல் வரும். 12 லீவையும் நைட் டூட்டியில் எடுப்பவருக்கு 144 மணி நேரம் ஓய்வு கிடைக்கும். பகலில் மட்டுமே எடுப்பவருக்கு 72 மணி நேரம்தான். ஒரே சம்பளம், ஒரே லீவு, ஆனால் பாதிக்குப் பாதி வித்தியாசம். ‘அவங்க மட்டும் எப்பவும் நைட்லதான் லீவு போடுறாங்க’ என்று வார்டில் முணுமுணுப்பு எழுவது இதனால்தான். எனவே நிர்வாகம் லீவை மணிக்கணக்குக்கு மாற்றுகிறது. 12 நாளை 8 ஆல் பெருக்கி, வருடத் தொடக்கத்தில் 96 மணி நேரம் என்று கணக்கில் ஏற்றுகிறது. இதுவரை தவறு எதுவும் இல்லை. லீவைக் கழிக்கும்போதுதான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

அந்த 8 மணி நேரம் எங்கே போனது?

இந்த நர்ஸின் மகன் கையை உடைத்துக்கொண்டான். பிசியோதெரபிக்கு எட்டு முறை அழைத்துப்போக வேண்டியிருந்தது. எட்டு நாளும் காலை டூட்டியில் அரை நாள் லீவு போட்டு, 8 மணிக்குப் பதில் 11 மணிக்கு வந்தார். பிறகு தம்பி கல்யாணத்துக்காக இரண்டு நைட் டூட்டிக்கு முழு லீவு. வருடக் கடைசியில் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஒரு வாரம் கூட இருக்க வேண்டும். அந்த வாரத்தில் நான்கு பகல், இரண்டு நைட், ஆக 48 மணி நேரம்.

உண்மையில் அவர் வேலையில் இல்லாத நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம். காலை டூட்டியில் பாதி என்பது 3 மணி நேரம். எட்டு முறைக்கு 24. இரண்டு நைட்டுக்கு 24. மீதி 96 - 48 = 48 மணி நேரம். அம்மாவோடு இருக்க வேண்டிய வாரத்துக்குச் சரியாகப் போதும்.

ஆனால் ஆப்பில் 40 மணி நேரம்தான் மீதி என்று காட்டுகிறது. 8 மணி நேரம் குறைவு. அதற்கு ஒரு நாள் ‘லாஸ் ஆஃப் பே’ வரும், அதாவது சம்பளத்தில் பிடிப்பார்கள்.

காரணம், ‘அரை நாள்’ என்ற பட்டன். ஆப்பை முதலில் அமைத்தபோது, தினமும் 8 மணி நேரம் வேலை பார்க்கும் அலுவலகப் பிரிவை மனத்தில் வைத்து, அரை நாள் என்றால் 4 மணி நேரம் என்று போட்டுவிட்டார்கள். நர்ஸ் 3 மணி நேரம் வராவிட்டாலும் 4 மணி நேரம் கழிகிறது. எட்டு முறையும் ஒவ்வொரு மணி நேரம் கூடுதல். ஆனால் முழு நாள் லீவுக்கு மட்டும் ஆப் டூட்டி அட்டவணையைப் பார்த்து, நைட்டுக்கு 12 மணி நேரம் என்று சரியாகக் கழித்துவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய மாதிரி நாள் கணக்கிலேயே விட்டிருந்தாலும் அவருக்கு லீவு போதுமாகத்தான் இருந்திருக்கும். எட்டு அரை நாள் என்றால் 4 நாள், நைட் 2 நாள், கடைசி வாரம் 6 நாள். மொத்தம் 12. நாள் கணக்கிலும் சரி, உண்மையான மணிக் கணக்கிலும் சரி, அவர் வரம்புக்குள்தான் இருக்கிறார். இரண்டையும் கலந்ததால்தான் குறைகிறது.

‘நைட் டூட்டியில் அரை நாள் எடுத்தால் 6 மணி நேரத்துக்கு 4தானே கழியும், லாபம்தானே’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த லாபம் இன்னொருவருக்குப் போகிறது. குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்களின் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் அரை நாள் போடுகிறவர்கள் பெரும்பாலும் பகலில்தான் போடுகிறார்கள். நஷ்டம் திரும்பத் திரும்ப அவர்களுக்கே வருகிறது.

சாக்லேட் தொழிற்சாலை வழக்கு

‘ஒரு நாள் லீவு என்றால் எத்தனை மணி நேரம்?’ என்ற இதே கேள்வி ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டாஸ்மேனியாவில் கிளேர்மான்ட் என்ற இடத்தில் கேட்பரி சாக்லேட் தொழிற்சாலை இருக்கிறது. மாண்டலீஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அங்கே வாரத்துக்கு 36 மணி நேர வேலை. சிலர் அதைத் தினமும் 7.2 மணி நேரம் என்று ஐந்து நாளில் முடிப்பார்கள். சிலர் 12 மணி நேர ஷிஃப்ட்டாக மூன்றே நாளில் முடிப்பார்கள்.

உடல்நலம் சரியில்லாதபோது எடுக்க வருடத்துக்கு 10 நாள் லீவு என்கிறது அந்த நாட்டுச் சட்டம். 10 நாள் என்றால் 7.2 மணி நேர வீதம் 72 மணி நேரம் என்றது நிறுவனம். 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு ஒரு நாள் என்பது 12 மணி நேரம்தான், ஆகவே 120 மணி நேரம் வேண்டும் என்றது தொழிலாளர் தரப்பு. 2019-ல் கீழ் நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் நின்றது. 2020 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிறுவனம் சொன்ன கணக்கே சரி என்றது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் ஒரு பக்கம், ஒருவர் மாறுபட்டார். ஒரே அளவு நேரம் வேலை பார்க்கும் இருவரில், ஷிஃப்ட் நீளம் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் கூடுதல் லீவு கிடைக்கக் கூடாது என்பது பெரும்பான்மையினரின் பார்வை.

அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தப்படி 12 மணி நேர ஊழியர்களுக்கு 96 மணி நேரம் ஏற்றினார்கள். ஒரு ஷிஃப்ட் லீவு எடுத்தால் 12 மணி நேரம் கழித்தார்கள். ஆக எட்டு ஷிஃப்ட்தான். ‘10 நாள் என்று சொல்லிவிட்டு 8 நாள்தானே தருகிறார்கள்’ என்று ஊழியர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஏற்றுவது சராசரி மணியில், கழிப்பது உண்மையான ஷிஃப்ட் மணியில் என்பதுதான் இந்த முறை. நீளமான ஷிஃப்ட்டில் லீவு சீக்கிரம் கரையும். ஆனால் அதே முறையில், சின்ன ஷிஃப்ட்டில் லீவு எடுப்பவருக்குக் குறைவாகத்தான் கழிய வேண்டும். நம் நர்ஸுக்கு நைட்டில் 12 கழித்தவர்கள், காலையில் பாதிக்கு 3தான் கழிக்க முடியும்.

நம் நாட்டுச் சட்டங்கள் லீவை நாள் கணக்கில்தான் பேசி வந்திருக்கின்றன. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமும் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்றுதான் சொன்னது. அதை மணியாக மாற்றுவது நிறுவனம் செய்யும் ஏற்பாடு. எனவே ஒரு நாளை எத்தனை மணியாக ஏற்றினார்கள், எப்படிக் கழிப்பார்கள் என்ற இரண்டும் நிறுவனத்தின் லீவு விதிகளில் எழுத்தில் இருக்க வேண்டும்.

நள்ளிரவில் உடையும் நைட் டூட்டி

இன்னொரு இடத்திலும் கணக்கு தப்பும். 10-ம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கும் டூட்டி 11-ம் தேதி காலை 8 மணிக்கு முடிகிறது. ஊழியர் 10-ம் தேதிக்கு லீவு போடுகிறார். தேதியை மட்டும் பார்க்கும் மென்பொருள், நள்ளிரவு வரை உள்ள 4 மணி நேரத்தை மட்டும் லீவாக எடுத்துக்கொள்ளும். மீதி 8 மணி நேரம் 11-ம் தேதியில் ‘ஆப்சென்ட்’ என்று விழும். லீவும் கழியும், சம்பளமும் பிடிபடும்.

பாதி டூட்டியில் கிளம்பினால் குழப்பம் இன்னும் கூடும். அதிகாலை 2 மணிக்கு உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால், விட்ட 6 மணி நேரமும் 11-ம் தேதியில்தான் வருகிறது. அன்று இரவு அவருக்கு இன்னொரு டூட்டி இருந்தால், லீவு அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். டூட்டி எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதியின் கணக்கிலேயே லீவும் சேர வேண்டும் என்று விதி இருந்தால் இது வராது. வருகைப் பதிவில் நைட் லீவுக்கு மறுநாள் ‘ஆப்சென்ட்’ என்று இருந்தால் இதுதான் காரணமா என்று சந்தேகப்படலாம்.

எப்படிச் சரிபார்ப்பது?

சரியான கழிவு ஒரே ஒரு கழித்தல் கணக்குதான். அன்றைய டூட்டிக்குப் போட்ட மணி நேரத்தில் வேலை பார்த்த மணி நேரத்தைக் கழித்தால் வருவதே லீவு. டூட்டியில் சம்பளம் இல்லாத சாப்பாட்டு இடைவேளை இருந்தால் அதை இரண்டு பக்கத்திலும் விட்டுவிட வேண்டும். 12 மணி நேர நைட்டில் ஒரு மணி நேரம் அப்படிப்பட்ட இடைவேளை என்றால், முழு லீவுக்குக் கழிய வேண்டியது 11 மணி நேரம்.

டூட்டி மாற்றிக்கொண்ட நாட்களைத் தனியாகப் பாருங்கள். நைட் இருந்தபோது லீவுக்கு விண்ணப்பித்து, பிறகு அட்டவணை காலைக்கு மாறியிருந்தால், கழிவு 12-லேயே நின்றிருக்கலாம். அது 6 ஆகக் குறைந்திருக்க வேண்டும்.

ஹெச்.ஆரிடம் போகும்போது ‘லீவு குறையுது சார்’ என்று பொதுவாகச் சொன்னால் பதில் கிடைப்பது கஷ்டம். நம் நர்ஸ் கொண்டுபோக வேண்டியது ஒரே ஒரு தாள். எட்டுத் தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே டூட்டி நேரம், வந்த நேரம், விட்ட மணி, கழித்த மணி. ஒவ்வொரு வரியிலும் 3-க்கு எதிரே 4 என்று இருக்கும். அந்த மாதச் சம்பளக் கணக்கை முடிப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால், 8 மணி நேரம் திரும்ப ஏறும். அம்மா பக்கத்தில் இருக்கும் வாரத்தில் ஒரு நாள் சம்பளமும் போகாது.