இளநீர் எப்படி இளனீர் ஆகிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

நம் குழுவில் வரும் செய்திகளில் "பல்லி நாட்கள்", "திருமன அழைப்பிதழ்", "இளனீர்" என்றெல்லாம் பார்க்கிறேன். என்னிடம் படித்தவர்கள் பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இல்லை. கேட்டால், "சார், போன் அப்படிப் போட்டுடுச்சு" என்பீர்கள். போன் ஏன் அப்படிப் போடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழை போய்விடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நமக்காக ஊகிக்கும் விசைப்பலகையைவிட, நாம் சொன்னதை மட்டும் செய்யும் விசைப்பலகையே நல்லது.

ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வருவதற்கு நடுவில் ஒரு சின்ன மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. உள்ளீட்டு மென்பொருள் என்பார்கள். நீங்கள் தட்டும் எழுத்து நேராகத் திரைக்குப் போவதில்லை. முதலில் இதன் கையில் விழுகிறது. இது தன் விதிப் பட்டியலைப் பார்த்து, அதற்கு உரிய தமிழ்க் குறியைத் திரைக்கு அனுப்புகிறது. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்றவற்றில் இருக்கும் அஞ்சல் முறையை எடுத்துக்கொள்வோம். அதில் சிறிய n என்றால் ன், பெரிய N என்றால் ண். சிறிய l என்றால் ல், பெரிய L என்றால் ள். வணக்கம் என்று தட்டும்போது ஒவ்வொரு விசைக்கும் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

```
v         வ்
va        வ
vaN       வண்
vaNa      வண
vaNak     வணக்
vaNakk    வணக்க்
vaNakka   வணக்க
vaNakkam  வணக்கம்
```

மூன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கேதான் இது. வ் + அ = வ. மெய் முதலில் வருகிறது, உயிர் வந்து ஏறுகிறது, உயிர்மெய் பிறக்கிறது.

ஆனால் கணினியின் வயிற்றுக்குள் கணக்கு தலைகீழாக இருக்கிறது. நாம் இப்போது பயன்படுத்தும் யூனிகோடு முறையில் 'வ' என்பதற்கு ஓர் எண் உண்டு, புள்ளிக்குத் தனியாக ஓர் எண் உண்டு. 'வ்' என்ற மெய்க்குத் தனி எண் கிடையாது. அது 'வ'வும் புள்ளியும் சேர்ந்த இரட்டை. ஆகவே v தட்டினால் உள்ளே இரண்டு குறிகள் பதிகின்றன. அடுத்து a தட்டினால் புதிதாக எதுவும் சேர்வதில்லை. இருந்த புள்ளி அழிகிறது, அவ்வளவுதான். ஒரு விசை கூடுதலாகத் தட்டினால் உள்ளே ஒரு குறி குறைகிறது! a-வுக்குப் பதில் i தட்டியிருந்தால், புள்ளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இகரத்தின் கொக்கியை வைக்கும். இன்னொரு i தட்டினால் அந்தக் கொக்கியையும் எடுத்துவிட்டு ஈகாரத்தின் சுழியை வைக்கும். இப்படி வைத்ததை எடுப்பதும் எடுத்த இடத்தில் வேறொன்றை வைப்பதும்தான் இந்த மென்பொருளின் வேலை முழுவதும். (தமிழ் என்பது நமக்கு மூன்று எழுத்து. உள்ளே எண்ணினால் ஐந்து குறிகள். எழுத்தை எண்ணித்தான் எழுத வேண்டும் என்று கட்டுப்பாடு வைக்கும் படிவங்களில் நம் பெயர் அடங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

இனி இளநீருக்கு வருவோம். ஆங்கிலத்தில் n ஒன்றுதான். தமிழில் ந, ன, ண மூன்று. ணகரத்துக்குப் பெரிய N கொடுத்தாயிற்று. மீதி இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இதை அமைத்தவர்கள் தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள். னகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை சொல்லும் விதி. அதையே மென்பொருளுக்கும் விதியாக்கினார்கள். சொல்லின் தொடக்கத்தில் n வந்தால் ந. வேறு இடத்தில் வந்தால் ன. n-ஐத் தொடர்ந்து th வந்தால் மட்டும் ந்த். நல்ல விதி. naan என்று தட்டினால் நான் என்று சரியாக வரும், panthu என்றால் பந்து என்று வரும்.

இந்த விதி எங்கே சறுக்குகிறது? சொல் எங்கே தொடங்குகிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இடப்பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான். வெற்றிடம் இருந்தால் தொடக்கம், எழுத்து இருந்தால் நடு. இளநீர் என்பது இள + நீர் என்று நமக்குத் தெரியும். iLaniir என்று தட்டும்போது மென்பொருள் பார்ப்பது n-க்கு இடப்பக்கம் ஒரு ளகரத்தை. ஆகவே னீ போடுகிறது. அநியாயம், பெருநகர், செந்நிறம் எல்லாவற்றிலும் இதே கதைதான். இரண்டு சொல் சேர்ந்து ஒரு சொல்லாகும் இடத்தில் இலக்கணம் தெரிந்த மனிதன் தையலைப் பார்க்கிறான். இயந்திரத்துக்குத் துணிதான் தெரிகிறது, தையல் தெரிவதில்லை.

இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அஞ்சல் முறையில் w தட்டினால் எந்த இடத்திலும் நகரம்தான். iLawiir என்றால் இளநீர். அது நினைவில் நிற்காதவர்களுக்கு இன்னொரு வழி: iLa தட்டி, ஓர் இடைவெளி விட்டு, niir தட்டுங்கள். "இள நீர்" என்று வரும். பிறகு நடுவில் இருக்கும் இடைவெளியை அழித்துவிடுங்கள். ஒருமுறை எழுதியதை மென்பொருள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே நகரம் நகரமாகவே நிற்கும். இந்தத் தந்திரத்தைக் காரணம் தெரியாமலே செய்கிற பலரைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வகையில் பிழை வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஏனென்றால் அது ஒரே மாதிரி வரும். palli என்றால் என்றைக்கும் பல்லி, paLLi என்றால் என்றைக்கும் பள்ளி. எந்த ளகரம் என்ற முடிவு உங்கள் விரலில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் சரியாக வரும். தெரியாவிட்டால் தவறு பளிச்சென்று தெரியும்.

ஆனால் உங்களில் பெரும்பாலோர் போனில் வைத்திருப்பது வேறு வகை. அது விதியால் எழுதுவதில்லை, ஊகத்தால் எழுதுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற கவலை அதில் இல்லை. kalam என்று தட்டுகிறீர்கள். முதல் a குறிலாகவும் இருக்கலாம், நெடிலாகவும் இருக்கலாம். l என்பது ல, ள, சிலர் தட்டும் பழக்கப்படி ழ. அடுத்த a மறுபடியும் குறிலோ நெடிலோ. 2 × 3 × 2, மொத்தம் 12 வடிவங்கள். இதில் கலம், களம், காலம், கலாம் ஆகியவை நாம் அறிந்த சொற்கள். பெரும்பாலானவை சொல்லே இல்லை. மென்பொருள் தன்னிடம் இருக்கும் சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, மக்கள் அதிகம் எழுதும் சொல்லை முதலில் நிறுத்தி, மற்றவற்றைப் பக்கத்தில் வரிசையாகக் காட்டும். சில மென்பொருள்கள் முந்தைய சொல்லையும் பார்க்கும். இடைவெளி விசையைத் தட்டியதும் முதலில் நிற்பது எழுத்தாகிவிடும்.

நீங்கள் ஒருமுறை அவசரத்தில் பல்லியைத் தொட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். இவற்றில் பல, பயனரின் தேர்வை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை palli என்றால் பல்லியே முன்னால் வந்து நிற்கும். நீங்கள் அதற்குத் தவறைக் கற்பித்துவிட்டீர்கள். அது உங்களுக்கு அதையே திருப்பிக் கற்பிக்கிறது. பல்லியும் அகராதியில் உள்ள சொல்தானே, அடியில் சிவப்புக் கோடுகூட வராது.

வழக்கமான சொற்களில் இந்த ஊகம் நன்றாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. பெயரில்தான் ஆபத்து. என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பெயர் வள்ளி. ஒரு விண்ணப்பத்தில் ஆங்கிலக் கட்டத்தில் Valli என்று நிரப்பியதும், பக்கத்துக் கட்டத்தில் தமிழ்ப் பெயர் தானாக விழுந்தது: வல்லி. அதுவும் வைக்கக்கூடிய பெயர்தான், ஆகவே யாருக்கும் உறுத்தவில்லை. அட்டை அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தார்கள். திருத்துவதற்கு மூன்று நடை. ஆங்கிலத்தில் எழுதிய கணமே அந்த ளகரம் காணாமல் போய்விட்டது. போனதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தர முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஆகவே இப்படித் தானாக நிரம்பும் கட்டம் எதைக் கண்டாலும் ல, ள, ர, ற, ன, ண ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பேரப்பிள்ளைகளுக்குப் போனில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவர்களை ஆங்கில எழுத்து வழியாக அழைத்துவராதீர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ஒரே எழுத்தை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். ந, த என்று தட்டினால் ந்த என்று வரும். வணக்கம் என்பதற்கு வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டல். மேலே பார்த்த முறையில் எட்டு, நடுவில் பெரிய எழுத்து வேறு. இதிலும் ஓர் இடறல் உண்டு. 'ததும்பும்' என்று எழுதப் போனால் 'த்தும்பும்' ஆகிவிடும். முதல் தகரத்துக்குப் பிறகு அ விசையை ஒருமுறை தட்டினால் புள்ளி வராது. அதைத் தவிர, எந்த ளகரம், எந்த னகரம் என்று குழந்தை ஒவ்வொரு தடவையும் தானே முடிவெடுக்க வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பழக இரண்டு வாரம் ஆகும். போனின் அமைப்புகளில் விசைப்பலகைப் பட்டியலில் 'தமிழ் 99' என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பின்னூட்டத்தில் போனின் வகையைச் சொல்லுங்கள், வழி சொல்கிறேன். பின்னூட்டத்தைத் தமிழிலேயே தட்டுங்கள். இளநீர் என்ற சொல்லும் அதில் இருக்கட்டும், யார் யார் எந்த விசைப்பலகை வைத்திருக்கிறீர்கள் என்று நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.