பதினோரு பேருக்கு எத்தனை ஸ்பூன்?

எந்தப் பிரியாணிக் குறிப்பைத் திறந்தாலும் "நான்கு பேருக்கு" என்றுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆம்பூர் வீட்டில் பதினோரு பேர் சாப்பிட உட்காருவோம். சீரக சம்பா அரை கிலோ, கறி அரை கிலோ என்று எழுதியிருப்பதை இரண்டே முக்காலால் பெருக்க வேண்டும். அரிசியும் கறியும் சிக்கலில்லை. தராசில் வைத்தால் ஒரு கிலோ 375 கிராம், முடிந்தது.

ஸ்பூனில்தான் வயிறு எரிகிறது. உப்பு ஒன்றரை டீஸ்பூனாம். பெருக்கினால் நாலே அரைக்கால். என்னிடம் இருக்கும் அளவு ஸ்பூன்களில் சின்னதே கால் டீஸ்பூன்தான். அரைக்காலை எதில் அளப்பது? கிராம்பு மூன்று, எட்டேகால் ஆகிறது. கிராம்பை எட்டோடு நிறுத்தலாம், ஒன்றும் கெடாது. உப்பு அப்படியில்லை. அதுவும் தூள் உப்பா கல் உப்பா என்றுகூடக் குறிப்பில் சொல்வதில்லை. கல் உப்புக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறைவாகத்தான் நிற்கும்.

போன மாதம் தண்ணீரையும் அதே இரண்டே முக்காலால் பெருக்கினேன். கறி மசாலா ரசம் மாதிரி நின்றது. அதன் மேல் வடித்த சாதத்தைப் போட்டு தம் வைத்தேன். அடியில் சாதம் குழைந்து களியாகிவிட்டது. பாத்திரத்தின் வாய் இரண்டே முக்கால் மடங்கு பெரிதாகவில்லையே, தண்ணீர் எப்படி அதே வேகத்தில் ஆவியாகும்? இப்போது தண்ணீரை இரண்டு மடங்கோடு நிறுத்துகிறேன். கறி வெந்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் சாதம் போடுவேன். சீரக சம்பா பொடி அரிசி, சட்டென்று வெந்துவிடும். இரண்டு விரலில் நசுக்கினால் நடுவில் கொஞ்சம் கெட்டியாகத் தட்டுப்படும்போதே வடித்துவிட வேண்டும். அரிசி வேகும் தண்ணீரில் போடும் உப்பையும் தலைக்கணக்கில் பெருக்கக்கூடாது. அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். அதனால் எத்தனை லிட்டர் வைத்தோமோ அதற்குத்தான் உப்பு. வாயில் வைத்துப் பார்த்தால் நன்றாகக் கரிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு சமைக்க வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் என்று ஒரு தடவை கேட்பார். அதற்கப்புறம் எல்லாம் "கிலோவுக்கு இவ்வளவு" என்றுதான் பேசுவார். ஊறவைத்து அரைக்கும் காய்ந்த மிளகாய்கூட கிலோ அரிசிக் கணக்குதான். வீட்டுக் குறிப்பு எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கை எழுதினால் என்ன? ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய ஆறு கிராம். ஒன்றரை ஸ்பூன் ஒன்பது கிராம். கிலோ அரிசிக்குப் பதினெட்டு. எங்கள் பதினோரு பேருக்கு, ஒரு கிலோ 375 கிராம் அரிசிக்கு, இருபத்தைந்து கிராம் போட்டால் சரியாக இருக்கிறது.

குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் இஞ்சி பூண்டு விழுதும் தயிரும் பாக்கி. தயிர் மூன்றில் ஒரு பங்கு கப் என்று போட்டிருக்கிறது. எந்தக் கப் என்று சொல்லவில்லை.