ஒரே ஆள், மூன்று தாள்கள்

சிங்கப்பூரில் தனியாகத் தொழில் செய்யும் இளம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்கு மாலதி என்று பெயர் வைப்போம். தந்தையின் பெயர் குமரன். ஒரு மருத்துவ நிலையம் தன் துண்டுப் பிரசுரத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழில் மொழிபெயர்த்துத் தருமாறு அவரைக் கேட்டது. இரண்டு பக்கங்கள், கட்டணம் 480 வெள்ளி. சொன்ன நாளில் மாலதி வேலையை முடித்துக் கொடுத்தார். மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால், பணம் மட்டும் வரவில்லை.

ஐந்து வாரங்கள் கழித்து மாலதி தயக்கத்துடன் விசாரித்தார். கணக்குப் பிரிவில் இருந்தவர் தந்த பதில் அவருக்கு வியப்பளித்தது. “உங்களுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை யாரும் மறுக்கவில்லை. இந்த விலைப்பட்டியல் உங்களுடையதுதானா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை,” என்றார் அவர்.

கணக்குப் பிரிவினரின் மேசையில் என்ன இருந்தது என்று பார்த்தால் அந்தப் பதிலின் நியாயம் புரியும். முதலில் வந்தது முன்மொழிவு. ‘இன்ன வேலையை இன்ன விலைக்கு, இன்ன நாளுக்குள் செய்து தருகிறேன்’ என்று வாடிக்கையாளரிடம் தெரிவிக்கும் தாள் அது. அதன் தலைப்பில் ‘மாலா மொழிச்சேவை’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. அடுத்து வந்த மின்னஞ்சல்களின் அடியில் ‘மாலா குமார்’ என்றிருந்தது. கடைசியாக வந்தது விலைப்பட்டியல், அதாவது வேலை முடிந்தபின் பணம் கேட்டு அனுப்பும் இன்வாய்ஸ். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மாதிரிப் படிவத்தில் அது தயாரிக்கப்பட்டிருந்தது. நீல நிறக் கட்டங்களுக்கு நடுவே, அடையாள அட்டையில் உள்ளபடி ‘மாலதி, குமரனின் மகள்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. மூன்று தாள்கள், மூன்று பெயர்கள். மாலதியை நேரில் பார்த்தவருக்கு இவை மூன்றும் ஒருவரே. ஆனால், பணம் செலுத்துபவர் மாலதியைப் பார்த்ததே இல்லை.

சிறு தொழில் செய்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். “வாடிக்கையாளருக்கு என்னைத் தெரியும், என் வேலையே எனக்கு அடையாளம், மற்றவை வெறும் அலங்காரம்,” என்று அவர்கள் வாதிடுவதுண்டு. வேலையைத் தருபவரும் பணத்தைத் தருபவரும் ஒருவராகவே இருந்தால் அந்த வாதம் சரி. மூலைக் கடைக்காரருக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதிக் கொடுப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சற்றுப் பெரிய நிறுவனங்களிலோ, வேலையைத் தருபவர் ஒருவர். ஒப்புதல் அளிப்பவர் வேறொருவர். பணம் செலுத்துபவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் கையில் இருப்பவை தாள்கள் மட்டுமே. அவர் முன்மொழிவையும் விலைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பெயர், வேலையின் விவரம், தொகை, வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் பொருந்தினால் பணம் போகும். ஒன்று பொருந்தாவிட்டாலும் தாள் ஓரமாக வைக்கப்படும்.

மாலதியின் தாள்களில் தொகையும் பொருந்தவில்லை. அவர் பதிவிறக்கிய படிவத்தின் தலைப்பு ‘வரி விலைப்பட்டியல்’ என்பது. அந்தப் படிவம் 480 வெள்ளியுடன் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைத் தானாகவே சேர்த்துவிட்டது. வரி 43 வெள்ளி 20 காசு. மொத்தம் 523 வெள்ளி 20 காசு. சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டுமுதல் அந்த வரி 9 விழுக்காடு என்பது உண்மைதான். ஆனால், அதற்குப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே அதை வசூலிக்கலாம். மாலதியைப் போன்ற பதிவு செய்யாத ஒருவர் ‘வரி விலைப்பட்டியல்’ என்ற தலைப்பில் தாள் அனுப்பவே கூடாது. அழகான படிவம் ஒன்று, கேட்கக்கூடாத பணத்தை அவர் பெயரில் கேட்டுவிட்டது! அடுத்தவர் செய்த படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்காமல் பயன்படுத்தினால் நேர்வது இதுதான்.

பெயரைப் பொறுத்தவரை, சட்டமும் இதில் தலையிடுகிறது. சிங்கப்பூரில் ஒருவர் அடையாள அட்டையில் உள்ள தம் முழுப்பெயரிலேயே தனியாகத் தொழில் செய்தால் அந்தப் பெயரைத் தொழிற்பெயராகப் பதிவு செய்யத் தேவையில்லை. ‘மாலா மொழிச்சேவை’ போன்ற வேறொரு பெயரில் செய்தால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தபின், கிடைக்கும் பதிவெண்ணையும் அந்தப் பெயரையும் கடிதங்களிலும் விலைப்பட்டியல்களிலும் குறிப்பிட வேண்டும். ஆகவே, மாலதிக்கு இரண்டு வழிகள் இருந்தன. அவர் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

தமிழர்களின் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னால் போடுகிறோம். சில நேரங்களில் முழுதாகப் பின்னால் போடுகிறோம். அடையாள அட்டையிலோ ‘இன்னாரின் மகள்’, ‘இன்னாரின் மகன்’ என்றிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுகிறார். தமிழறிந்தவருக்கு இவையெல்லாம் ஒன்றே. ஒரு கணினிக்கோ தமிழறியாத கணக்கருக்கோ இவை வெவ்வேறு ஆட்கள். வங்கிக் கணக்கில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்து, அதையே எல்லாத் தாள்களிலும் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. ‘மாலா’ என்று நண்பர்கள் அழைப்பதில் குறையொன்றும் இல்லை. அந்தப் பெயர் விலைப்பட்டியலில் இருக்க வேண்டியதில்லை.

தாமதமான பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. மோசடிக்காரர்கள் சிலர் ஒருவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்துவிடுகிறார்கள். அல்லது ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அதேபோன்ற முகவரியை உருவாக்குகிறார்கள். பிறகு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் செலுத்துங்கள்,” என்று வாடிக்கையாளருக்கு ஒரு விலைப்பட்டியலை அனுப்புகிறார்கள். இத்தகைய மோசடி குறித்துச் சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்துள்ளது.

ஒவ்வொரு மாதமும் ஒரே பெயரில், ஒரே வடிவில், ஒரே கணக்கெண்ணுடன் தாள் அனுப்புபவரின் பெயரில் ஒரு போலித்தாள் வந்தால், மாற்றம் உடனே கண்ணில் படும். கணக்கர் தொலைபேசியை எடுப்பார். மாலதியைப் போன்றவர்களின் நிலை வேறு. பெயரும் வண்ணமும் முகவரியும் ஒவ்வொரு முறையும் மாறுவதைப் பார்த்துப் பழகிய கணக்கருக்கு, கணக்கெண் மாறுவதும் வழக்கமான ஒன்றாகவே தோன்றும். ஒழுங்கில்லாத தாள்களை அனுப்புபவர், போலியை நம்புவதற்குத் தம் வாடிக்கையாளரைத் தாமே பழக்கிவிடுகிறார்.

எனினும், ஒரே சீரான தோற்றத்தை முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. சின்னத்தையும் வண்ணத்தையும் எவரும் நகலெடுக்கலாம். அதனால், விவரம் தெரிந்தவர்கள் முன்மொழிவிலேயே ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள்: “எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மின்னஞ்சலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம், இந்தத் தாளில் உள்ள எண்ணில் எங்களை அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.” அந்த வரி பயன்பட வேண்டுமானால், முன்மொழிவிலும் மின்னஞ்சலிலும் விலைப்பட்டியலிலும் உள்ள தொலைபேசி எண் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மாலதி தம் தாள்களைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. முதலில் அவர் சின்னத்தைத் தேடவில்லை, வண்ணத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் தம் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றை இறுதியான வடிவில் எழுதினார். பிறகு, மூன்று படிவங்களுக்கும் அவற்றை அதிலிருந்தே படியெடுத்தார். நினைவிலிருந்து எதையும் தட்டச்சு செய்யவில்லை. வரி என்ற சொல்லை நீக்கி, தலைப்பை ‘விலைப்பட்டியல்’ என்று மட்டும் வைத்தார். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் 2025-014 என்பதுபோல் ஆண்டும் வரிசை எண்ணும் கொண்ட ஓர் எண்ணைத் தந்தார். அதே எண்ணை விலைப்பட்டியலிலும் குறித்தார். முன்மொழிவில் ‘துண்டுப் பிரசுர மொழிபெயர்ப்பு, 2 பக்கங்கள்’ என்று எழுதியிருந்தால், விலைப்பட்டியலிலும் அதே சொற்கள். முன்பு ‘மொழிச் சேவைகள்’ என்று அவர் எழுதியதை எந்த வேலையோடு பொருத்துவது என்று கணக்கருக்குப் புரிந்திருக்காது.

மின்னஞ்சலின் அடிக்குறிப்பை நான்கு வரிகளாகச் சுருக்கினார்: பெயர், தொழில், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி. பலர் தங்கள் அடிக்குறிப்பை ஒரே படமாகச் செய்துவிடுகிறார்கள். படங்களைத் தானாகத் திறக்காத கணினியில் அங்கே ஒரு வெற்றுக் கட்டமே தெரியும்; அதில் உள்ள எண்ணை நகலெடுக்கவும் முடியாது. பொன்மொழிகளை அதன்கீழ் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். விலையைக் கேட்டு எழுதியவருக்குப் பொன்மொழி எதற்கு? கைப்பேசியையும் மாலதி மறக்கவில்லை. கணினியில் அமைத்த அடிக்குறிப்பு கைப்பேசிக்குத் தானாக வருமென்று சொல்ல முடியாது. அதுவரை அவர் பேருந்தில் இருந்து அனுப்பிய பதில்களின் கீழே அவர் பெயருக்குப் பதிலாகக் கைப்பேசியின் பெயரே இருந்தது.

கடைசியாகத்தான் வண்ணம். வெளிர் பச்சை எழுத்துகள் திரையில் அழகாகத் தெரிந்தன. ஆனால், பல அலுவலகங்களில் கறுப்பு வெள்ளையில்தான் அச்சிடுகிறார்கள். ஒருமுறை அப்படி அச்சிட்டுப் பார்த்தபோது, வங்கிக் கணக்கெண் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. அடர் பச்சையைத் தேர்ந்தெடுத்து, அதன் குறியெண்ணையும் அந்த வெள்ளைத் தாளில் குறித்துக்கொண்டார். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துகள் சிதைந்துவிடாமல் இருக்க, முன்மொழிவைப் பிடிஎஃப் கோப்பாக மட்டுமே அனுப்பினார்.

திருத்திய விலைப்பட்டியல் 480 வெள்ளிக்கு மருத்துவ நிலையத்துக்குப் போனது. நான்காம் நாள் பணம் வந்தது. அடுத்த மாதம் அதே கணக்கர் மாலதியை அழைத்தார். இரண்டாவது வேலைக்கான விலைப்பட்டியலில் கணக்கெண்ணின் கடைசி இலக்கம் முன்பிருந்ததைப்போல் இல்லையே, மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். மாலதி அவசரமாகத் தம் கோப்பைத் திறந்து பார்த்தார். அந்த ஒருமுறை மட்டும் அவர் எண்ணைப் படியெடுக்காமல் தட்டச்சு செய்திருந்தார்.