மாற்றுச் சாவி இல்லாத பூட்டு

"வயசானவங்களுக்கு எதுக்கு சார் இந்த பின் நம்பரெல்லாம்? எடுத்து விட்டுடுங்க." ஊத்துக்கோட்டை கைபேசிக் கடைத் தம்பி ஒருவரின் அறிவுரை இது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

பழைய கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. புதியதில் அதே சிம்மைப் போட்டு வாட்ஸ்அப்பை ஏற்றினேன். எஸ்.எம்.எஸ்.ஸில் ஆறு எண் வந்தது, அடித்தேன். உடனே இன்னொரு ஆறு எண்ணைக் கேட்டது. வந்த எண்ணையே திரும்பத் திரும்ப அடித்தேன், ஏற்கவில்லை.

இரண்டும் வேறு வேறு. முதலாவது, சிம் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அந்த நேரத்துச் சாட்சி. இரண்டாவது, நாம் முன்பே வைத்துக்கொண்ட பின். அது எனக்கு நினைவில்லை. (பிரெஞ்சில் படித்தவன் நான். எழுபத்தாறை 'அறுபதும் பதினாறும்' என்று எண்ணிப் பழகியவன். அப்படி எண்ணிப் பார்த்தும் வரவில்லை.) அவ்வப்போது வாட்ஸ்அப் பின்னைக் கேட்கும்போதெல்லாம் பேரன்தான் அடித்துக் கொடுத்தான். இப்போது அவனுக்கும் மறந்துவிட்டது.

பழைய உரையாடல்களை மீட்கும் திரை, பின் கதவைத் தாண்டிய பிறகுதான் வரும். காரைக்காலில் காலமான என் அக்காவின் குரல் பதிவுகள் கூகுள் டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆனால் வாசலிலேயே நின்றேன். Forgot PIN? என்பதை அழுத்தினால், மின்னஞ்சல் கொடுத்திருந்தவர்களுக்கு மாற்றுவதற்கான இணைப்பு அதற்குப் போகும். கொடுக்காதவர்கள் 7 நாள் காத்திருக்க வேண்டும். பின் வைத்த அன்று கடையில் மின்னஞ்சல் கேட்ட இடத்தைத் தாண்டி விட்டிருக்கிறார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கருவூலத்தில் இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி போதாது. தொந்தரவு என்று ஒரு பூட்டைக் கழற்றச் சொன்னவர் யாருமில்லை. மாற்றுச் சாவியை வேறிடத்தில் ஒப்படைத்து வைத்தோம். எஸ்.எம்.எஸ். எண்ணைப் பேச்சுக் கொடுத்துக் கறந்துவிடும் மோசடிக்காரனைத் தடுப்பது இந்த இரண்டாம் பூட்டுதான். உடனே திறந்துவிடும் பூட்டென்றால் அவனுக்கும் உடனே திறக்குமே! ஆகவே ஏழு நாளை நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றுச் சாவியைச் செய்யாமல் பூட்டை மட்டும் மாட்டிவிடும் வழக்கத்தைத்தான் சாடுகிறேன். அதன்பின் பூட்டையே கழற்றச் சொல்வது அதைவிட மோசம்.

புதுக் கைபேசி வாங்கப் போகிறீர்களா? பழையது உயிரோடிருக்கும்போதே Settings, Account, Two-step verification போய்ப் பாருங்கள். அங்கே பின்னைப் புதிதாக மாற்றலாம், மின்னஞ்சலும் சேர்க்கலாம். கடவுச்சொல் தெரிந்த மின்னஞ்சலாக இருக்கட்டும். என்னுடையதைப் போலத் தொட்டியில் விழுந்த பிறகு இந்த வழி கிடையாது.

எட்டாம் நாள் புதுப் பின் வைத்தேன். பழைய கூகுள் கணக்கையே கைபேசியில் சேர்த்திருந்ததால் மீட்புத் திரை வந்தது. Skip பக்கம் விரல் போகாமல் பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். முதலில் எழுத்துகள் வந்தன. குரல்கள் இறங்க இரவாகிவிட்டது.